விவசாயிக்கு 17 என்றால் வியாபாரிக்கு எவ்வளவு?

நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களில் எந்த அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் விவசாயிக்கு ஓர் எண் காத்திருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதம். அதற்கு மேல் போனால் "காயவச்சு எடுத்துட்டு வா" என்று சொல்லிவிடுவார்கள். கல், மண் 1 சதவீதம். பதர், தூசி, வைக்கோல் துண்டு 1 சதவீதம். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து 5. முற்றாத கருக்காய் 3. ரகக் கலப்பு 6. நெல்லின் நீளம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் சன்ன ரகம், குறைந்தால் பொது ரகம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை சன்னத்துக்குக் குவிண்டால் 2,389 ரூபாய், பொது ரகத்துக்கு 2,369. அத்தனையும் எழுத்தில் இருக்கிறது.

இந்த 17-ஐ அசைக்க என்ன பாடு படவேண்டும் என்று டெல்டாவில் எல்லாருக்கும் தெரியும். 2023 பிப்ரவரியில் அறுக்க நின்ற சம்பா மழையில் சாய்ந்தபோது டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போனது. 2025 அக்டோபரில் குறுவை நெல் சாலையோரம் குவிந்து நனைந்தபோது, 22 சதவீதம் வரை எடுக்க அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. அப்போதும் குழு வந்தது. விளைவித்தவனின் நெல்லில் ஒரு சதவீத ஈரம் கூடுதலாக இருந்தால் அதற்கு மாநில அரசு கடிதம் எழுத வேண்டும், மத்திய அரசு ஆணை போட வேண்டும்.

அதே நெல் விவசாயி கையை விட்டு வியாபாரி கைக்குப் போனதும் அந்த எண் எங்கே போகிறது? வியாபாரி எங்களைப் போன்ற சின்ன மில்காரனிடம் அதை விற்கும்போது ஏன் ஒரே ஒரு வரி எழுதித் தர மறுக்கிறார்? என் நெஞ்சில் கிடந்து எரிகிற கேள்வி இதுதான்.

நான் காரைக்காலில் சின்ன அரிசி மில் நடத்துகிறவன். எங்கள் ஊர் புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவிப் பக்கத்து விவசாயி தன் நெல்லை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே அந்த மாநிலத்துச் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். அதனால் அவருக்குத் தனியார்தான் பெரும்பாலும் கதி. தை, மாசியில் சம்பா அறுவடையாகும்போது என்னைப் போன்றவர்கள் கையிருப்புக்கு ஏற்ப வாங்குகிறோம். வாங்கும்போது மீட்டரில் ஊற்றி, எண்ணை விவசாயி கண்ணெதிரே காட்டி, சீட்டில் எழுதித்தான் பணம் கொடுக்கிறேன். ஆவணி, புரட்டாசி வாக்கில் அந்த நெல் தீர்ந்துவிடும். அப்புறம் மில் ஓட வேண்டுமானால் வெளியூர் வியாபாரியிடம் லோடு கணக்கில் எடுத்தாக வேண்டும்.

போன ஐப்பசியில் அப்படித்தான் 100 டன் பேசினேன். பழைய சம்பா நெல், சன்னம், லாரிக்கு 25 டன் வீதம் நான்கு லோடு, மில்லில் வந்து சேர கிலோ 26 ரூபாய். விலை படிந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். "ஈரப்பதம் 14-க்கு மேல் இருக்காது, மோட்டா ரகக் கலப்பு 6-க்கு மேல் இருக்காது, புது நெல் கலக்க மாட்டோம். இதை மட்டும் எழுதி அனுப்புங்கண்ணே, முன்பணம் போடுறேன்" என்றேன். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்பினேன். எழுத்தில் வந்த பதில்: "தரமான நெல். கவலை வேண்டாம்." கூடவே கும்பிடுகிற கை படம். திரும்பப் போன் போட்டேன். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா? பரம்பரையா நெல்லு வியாபாரம் பண்றோம். எழுதிக் கொடுத்தா யாவாரம் பண்றது? வேணும்னா எடு, வேணாம்னா விடு, கேட்க ஆள் நிறைய இருக்கு" என்றார்.

வேறு வியாபாரியிடம் போயிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். போனேன். எல்லாரும் ஒரே பாட்டுத்தான். எழுதிக் கேட்கிற மில்லுக்கு லோடு வராது என்பது இந்தச் சந்தையின் சட்டமாகிவிட்டது. மில்லில் ஆட்கள் சம்பளத்துக்கு நிற்கிறார்கள், கல்யாண மண்டபத்துக்கும் மெஸ்ஸுக்கும் அரிசி ஒப்புக்கொண்டாகிவிட்டது. பெரிய மில்காரர்கள் தங்கள் ஆளை அனுப்பி, மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்து ஏற்றுவார்கள். சின்னவனுக்கு எழுத்து ஒன்றுதான் பாதுகாப்பு. அதைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள்.

முதல் லோடு நன்றாகவே வந்தது. மீட்டரில் பதின்மூன்று சொச்சம், ஒரே சீரான சன்ன நெல். அந்தத் தைரியத்தில் மீதிப் பணமும் போனது. அடுத்த மூன்று லோடும் சேர்ந்தாற்போல் வந்தன. தார்ப்பாயை அவிழ்த்ததுமே புளித்த வாடை. மேலடுக்கு மூட்டைகளில் குத்தூசி போட்டால் 14. நடுவிலும் அடியிலும் போட்டால் 19, 20. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு. பல்லில் வைத்துக் கடித்தால் காய்ந்த நெல் 'டக்' என்று ஒடிய வேண்டும், இது நசுங்கியது. ஒவ்வொரு லாரியிலும் பல மூட்டைகளில் எடுத்துச் சராசரி போட்டால் 18 வந்தது. கைப்பிடி அள்ளி நூறு நெல்லை எண்ணிப் பிரித்தால் அதில் பத்துக்கு மேல் மோட்டா. பழைய சம்பா என்று சொன்ன சரக்கில் நனைந்த குறுவை நெல் கலந்து வந்திருந்தது. அதே மாதம்தான் டெல்டா முழுக்க விவசாயிகள் நனைந்த நெல்லைச் சாலையில் பரப்பிக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் ஈரத்தைக் காட்டி விலையை அடித்து வாங்கியிருப்பார்கள். அந்த ஈரத்தை என்னிடம் நெல் விலைக்கு விற்றுவிட்டார்கள்.

போன் போட்டுச் சொன்னேன். "நாங்க ஏத்தும்போது 14தான் தம்பி. வழியில மழை. உங்க ஊரு வேற கடலோரம், காத்துலயே ஈரம் ஏறிடும்" என்றார்கள்.

கடலோரக் காற்றில் நெல் ஈரம் இழுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் திறந்து போட்ட நெல் நாளடைவில் 15, 16-க்குப் போகும். ஆனால் தார்ப்பாய் கட்டிய லாரியில், சாக்குக்குள், அதுவும் நடு மூட்டையில், ஓரிரவில் நான்கு சதவீதம் ஏறுமா? ஏறினால் எடை காட்டிக் கொடுத்துவிடும். 25 டன் நெல் 14 சதவீத ஈரத்தில் இருந்தால் அதில் தண்ணீர் போக நெல் மட்டும் 21.5 டன். அதே 21.5 டன் நெல் 18 சதவீத ஈரத்துக்கு வரவேண்டுமானால் மொத்த எடை 26.2 டன் ஆக வேண்டும். அதாவது ஒவ்வொரு லாரியும் வழியில் 1,200 கிலோ தண்ணீர் குடித்திருக்க வேண்டும். 200 லிட்டர் டிரம் ஆறு. ஏற்றிய இடத்து எடைச்சீட்டும் இங்கே எடைமேடையில் போட்ட சீட்டும் என்னிடம் இருக்கின்றன. ஒரு லாரியில்கூட எடை கூடவில்லை, முப்பது நாற்பது கிலோ குறைந்துதான் இருந்தது. அப்படியானால் ஏற்றும்போதே அந்தத் தண்ணீர் உள்ளே இருந்தது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி எடுபடவில்லை. "14ன்னு யார் சொன்னா? தரமான நெல்லுன்னுதான் சொன்னோம். 18 இருந்தா நெல்லு இல்லையா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் நீட்டிக் காட்ட அவர்கள் எழுதிய ஒரு எண் இல்லை. கும்பிடுகிற கை படம்தான் இருந்தது.

இழப்பை எப்படிக் கணக்குப் போடுவது என்பதிலும் எங்களை ஏமாற்றுகிறார்கள். "நாலு பாயிண்ட் கூடுதலா? சரி, நாலு பெர்சன்ட் கழிச்சுக்கோ" என்பார்கள், பெரிய மனது பண்ணுகிற மாதிரி. 25 டன்னில் நான்கு சதவீதம் என்றால் 1,000 கிலோ. உண்மைக் கணக்கு அதுவல்ல. 18 சதவீத நெல்லை 14-க்குக் காயவைத்தால் 25,000 கிலோவை 82-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்த எடைதான் மிஞ்சும். அது 23,837 கிலோ. போனது 1,163 கிலோ. 26 ரூபாய் வீதம் லோடுக்கு முப்பதாயிரத்துக்கு மேல், மூன்று லோடுக்குத் தொண்ணூறாயிரம். எனக்கு அந்த நான்கு சதவீதம்கூடக் கழிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தண்ணீருக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும். நெல்லையே கெடுத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. காய்ந்த நெல்லோடு ஈர நெல்லைக் கலந்தால் காய்ந்தது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சும்போது உள்ளே அரிசி கீறல் விடும். வெளியே உமி முழுசாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அரைவையில் போட்டால் குருணையாகக் கொட்டும். பிறகு எவ்வளவு பக்குவமாகக் காயவைத்தாலும் விட்ட கீறல் ஒட்டாது. சூடேறிய மூட்டைகளிலோ அரிசி பழுப்பேறிவிட்டது. சன்னத்துக்கு வைத்த ரப்பர் ரோலர் இடைவெளியில் மோட்டா போனால் உடைகிறது. இடைவெளியைத் தளர்த்தினால் சன்னம் உமி நீங்காமல் நெல்லாகவே வருகிறது. அரசு கணக்கில் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ வர வேண்டும். எனக்கு அந்த எடை வரவில்லை, வந்ததிலும் முழு அரிசி குறைவு. ஐப்பசி மழையில் களத்தில் வெயில் ஏது? தார்ப்பாய்க்கும் களத்துக்குமாக நெல்லை அள்ளி அள்ளிப் போட்ட பெண்களின் கூலி, திரும்பி வந்த அரிசி மூட்டைகள், "உங்க அரிசி இப்படி இருக்காதே" என்று மெஸ்காரர் சொன்ன சொல், இதையெல்லாம் எந்த நிரலில் எழுதுவது?

ஏன் இறக்கினாய், திருப்பி அனுப்பியிருக்கலாமே என்றார்கள். மூன்று லாரி வாசலில் நிற்கிறது. நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் லாரிக்காரர் வாடகை கேட்கிறார். பணம் முழுவதும் போய்விட்டது. உள்ளே நெல் சூடேறிக்கொண்டே இருக்கிறது. இறக்கிப் பரப்பாவிட்டால் மொத்தமும் பூஞ்சை பிடிக்கும். பரப்பினேன். பரப்பியதும் "சரக்கை ஏத்துக்கிட்டீங்க, இனி பேச்சு இல்ல" என்றார்கள்.

எழுத மாட்டேன் என்றவர்கள் ஒன்றுமே எழுதாதவர்கள் அல்ல. அவர்கள் அனுப்பிய பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது: சரக்கு எங்கள் கிடங்கை விட்டு வெளியேறிய பின் நாங்கள் பொறுப்பல்ல. விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது. வழக்கு எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டுமே. தங்களைக் காக்கிற மூன்று வரியை அச்சகத்தில் கொடுத்து அடிக்கத் தெரிந்திருக்கிறது. என்னைக் காக்கிற ஒரு எண்ணை எழுதத்தான் கை வரவில்லை. இதில் நம்பிக்கைக் குறைவு யாருக்கு?

1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் இந்த இடத்தில்தான் சின்னவனுக்குத் துணை நிற்கிறது, எழுத்து இருந்தால். பொதுவாகத் தரத்தைப் பற்றி விற்பவர் வாக்குக் கொடுத்ததாகச் சட்டம் தானாக எடுத்துக்கொள்ளாது, சில விலக்குகள் தவிர. ஆனால் இன்ன விவரமுள்ள சரக்கு என்று சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. 'தரமான நெல்' என்பது யாரும் அளக்க முடியாத சொல். '14 சதவீதத்துக்கு மிகாத ஈரம்' என்பது அளக்கக்கூடிய விவரம். பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்பு வாங்குபவருக்குத் தரவேண்டும் என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் நிற்கும். அதனால் ஈரம் கூடுதல் என்று தெரிந்த அந்த மணி நேரத்திலேயே, இறக்குவதற்கு முன், "மறுக்கிறோம், கெடாமல் காக்க மட்டும் பரப்புகிறோம்" என்று செய்தி அனுப்பினால் பின்னால் வாதாட ஒரு பிடி இருக்கும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், நீதிமன்றம் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. ஆனால் அதில் எண் இருக்க வேண்டும், அது அவர்கள் போன் எண்ணிலிருந்து வந்திருக்க வேண்டும், முன்பணம் போவதற்கு முன் வந்திருக்க வேண்டும்.

இப்போது எந்த வியாபாரிக்கும் இந்தக் கடிதத்தைத்தான் அனுப்புகிறேன்:

"நாம் பேசிய 100 டன் நெல் குறித்து. பழைய சம்பா, சன்ன ரகம். எந்த மூட்டையிலும் ஈரப்பதம் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, லாரிச் சராசரி 14-ஐத் தாண்டக் கூடாது. மோட்டா கலப்பு 6, கருக்காய் 3, நிறம் மாறியதும் முளைத்ததும் சேதமானதும் சேர்த்து 3, பதர் 1, கல் மண் 1. அளப்பது காரைக்கால் மில்லில், இறக்குவதற்கு முன், உங்கள் ஆள் அல்லது லாரி ஓட்டுநர் முன்னிலையில். மீட்டரில் தகராறு வந்தால் அடுப்பு முறைச் சோதனையின் முடிவே இறுதி. சராசரி 14-க்கு மேல் 15 வரை இருந்தால் 86-ஐ அடிப்படையாக வைத்து எடை திருத்தப்படும். அதற்கு மேல் போனாலோ மற்ற எல்லைகளைத் தாண்டினாலோ லோடு திரும்பும், வாடகை உங்களுடையது. சம்மதமா என்று எழுதி அனுப்பவும். பதில் வந்தபின் முன்பணம்."

மூட்டைக்கு ஓர் எல்லை, லாரிக்கு ஓர் எல்லை என்று இரண்டு போட்டதற்குக் காரணம் உண்டு. வெறும் சராசரி 14 என்று எழுதினால் 12-ம் 19-ம் கலந்து 14 காட்டிவிடுவார்கள். பத்து மூட்டையில் ஒன்று 20 இருந்தால் போதும், அது சூடேறிப் பக்கத்து மூட்டைகளையும் கெடுக்கும். அளக்கும் இடத்தை எழுதியதற்கும் காரணம் உண்டு. எழுதாவிட்டால் "எங்க மீட்டர்ல 14" என்பார்கள். கையடக்க மீட்டர்கள் ஒன்றுக்கொன்று மாறிக் காட்டும். நெல்லின் சூடு மாறினாலும் மாறும். அடுப்பு முறையில் அரைத்த நெல்லை 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து எடை இழப்பைப் பார்ப்பார்கள், அதில் சண்டைக்கு இடமில்லை. அதற்கு அனுப்பும் மாதிரியைத் துணிப்பையில் கட்டாதீர்கள், போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். காற்றுப் புகாத கனமான பிளாஸ்டிக் பையில் மூன்று பங்காகக் கட்டி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு மூன்றாவதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் போனைத் துண்டித்தவர்கள் பலர். "இவன் கிட்ட யாவாரம் வச்சுக்காதீங்க" என்று தரகர்களிடம் சொன்னவர்களும் உண்டு. நான் கேட்டது சலுகையா? உழுது, நட்டு, அறுத்தவனிடம் இந்த நாடு கேட்கிற மாதிரி ஒரு கணக்கைத்தானே கேட்டேன்! விவசாயியின் நெல்லை மீட்டரில் ஊற்றி 17.4 என்று திருப்பி அனுப்பும்போது யாரும் அவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்கி விற்கிறவரிடம் மட்டும் எண் கேட்டால் அது அவமரியாதையா?

காரைக்காலிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் என்னைப்போல் சின்ன மில் வைத்திருப்பவர்களே, தீவனத்துக்குச் சோளமும் கம்பும் லோடு போடுகிறவர்களே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவன் கேட்டால் ஒதுக்குகிறார்கள். எல்லாரும் கேட்டால் எழுதித்தான் தீர வேண்டும், அவர்களுக்கும் சரக்கு விற்றாக வேண்டுமே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை நடத்துகிற அதிகாரிகளே, வியாபாரிக்கும் மில்லுக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு ஒரு பக்கப் படிவம் அச்சடித்துக் கொடுங்கள். ஈரம், ரகம், அளக்கும் இடம், மறுக்கும் உரிமை என்று நான்கு கட்டம் போதும். அது வரும்வரை, எழுத்தில் எண் வராமல் ஒரு ரூபாய் முன்பணமும் அனுப்பாதீர்கள்.